சென்னை வீட்டு மண்: ஒரு குழியும் ஒரு மூடி வினிகரும் சொல்வது என்ன?

மண்ணைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் எதைப் பார்ப்பது, அமிலத்தன்மையையா வடிகாலையா?

வடிகாலை. சென்னையில் இதற்கு இரண்டாவது கருத்தே வேண்டாம். மண்ணின் கார அமில நிலை செடியை மெதுவாகத்தான் வாட்டும். இலை வெளுக்க மாதங்கள் ஆகும், அதற்குள் நீங்கள் கவனித்துவிடலாம். தேங்கிய நீர் அப்படிக் காத்திருக்காது. நவம்பர் மழையில் இரண்டு நாள் வேர் மூழ்கினால் காய்த்துக்கொண்டிருக்கும் பப்பாளிகூடச் சாய்ந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இலை மஞ்சளாகிறது என்றால் நம்மில் பலர் உடனே உரக்கடைக்குப் போகிறோம். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இலை மஞ்சளாகும், நீர் தேங்கிய மண்ணிலும் மஞ்சளாகும். கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போவதால், நுனியில் உள்ள இளம் இலைகள் முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக, வலை விரித்ததுபோல் நிற்கும். நீர் தேங்கினால் அடி இலைகள் முழுவதுமாக மஞ்சளாகி உதிரும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவளும். வேரோரத்து மண்ணைக் கிளறி முகர்ந்தால் புளித்த நாற்றம் அடிக்கும். சிக்கல் என்னவென்றால், சுண்ணாம்பு மண்ணில் நீரும் தேங்கினால் இந்த இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வரும். அப்போது இலையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

வடிகாலைச் சோதிக்கக் குழி எடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு ஆழம், எப்படி அளப்பது?

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம். தோண்டும் முன் கழிவுநீர்க் குழாய், தரையடித் தொட்டி, மின்கம்பி எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொண்டு, அவற்றிலிருந்து தள்ளி, செடி வைக்கப்போகும் இடத்திலேயே எடுங்கள்.

களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கங்கள் மெழுகியதுபோல் பளபளப்பாகிவிடும். அந்த மெழுகு நீரை உள்ளே விடாது. அப்படியே சோதித்தால் மண் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பழைய முள்கரண்டியாலோ ஆணியாலோ பக்கங்களையும் அடியையும் நன்றாகக் கீறிவிடுங்கள்.

மாலையில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள். இந்த முதல் நீர் கணக்கில் சேராது. கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். ஊற்றிய நீர் வெடிப்புகள் வழியாக மாயமாகிவிடும். 'என் மண்ணில் வடிகால் பிரமாதம்' என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஈரம் ஏறி வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகுதான் மண் தன் உண்மையான குணத்தைக் காட்டும்.

மறுநாள் காலையில் மீண்டும் நிரப்புங்கள். குழியின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் வரை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். மூன்று நான்கு முறை மணிக்கொரு தடவை அளந்தால், ஒரு மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பது தெளிவாகிவிடும். வெயில் உறைக்கும் நாளில் குழியை ஒரு பலகையால் மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், நம் ஊரில் கொசுவும் இருக்கிறது.

அளந்தேன். அந்த எண்ணை வைத்து என்ன செடி வைப்பது?

மணிக்கு இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் வரை இறங்கினால் வடிகால் நல்ல நிலையில் இருக்கிறது. மல்லிகை, செம்பருத்தி, எலுமிச்சை, வாழை, கத்தரி, வெண்டை என்று வீட்டில் ஆசைப்படுகிற எதையும் வைக்கலாம். தடை வந்தால் அது சுண்ணாம்பால்தான் வரும், அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டரைக்குக் கீழே என்றால் மந்தமான வடிகால். இங்கே நேராகத் தரையில் வைக்கத் தகுந்தவை ஈரத்தைத் தாங்குகிற செடிகள். கல்வாழை, சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெட்டிவேர் எல்லாம் இதில் மகிழ்ச்சியாக வளரும். பெரிய இடம் இருந்து மரம் வேண்டும் என்றால் நாவலும் புங்கமும் தாங்கும். நீர்மருது ஆற்றங்கரை மரம், ஆனால் அது வானளாவும், அறுபதுக்கு நாற்பது மனையில் அதற்கு இடமில்லை. பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றை இந்த மண்ணில் தட்டையாக நடாதீர்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, அதன் உச்சியில் நடுங்கள்.

மணிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அது மணல். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் குழியை வெறுமனே தோண்டி, மழை நீர் விழாமல் மூடி வைத்துவிட்டு, காலையில் பாருங்கள். ஊற்றாமலேயே அடியில் தண்ணீர் ஊறி நின்றால், நிலத்தடி நீர்மட்டமே அங்கே வந்துவிட்டது என்று பொருள். எரு போட்டாலும் மணல் கலந்தாலும் இது தீராது, ஏனென்றால் வடிந்து போக நீருக்கு வேறு இடமே இல்லை. மேடு எழுப்புவது ஒன்றே வழி.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். மனையை நிரப்பித்தான் வீடு கட்டினோம். ஓர் அடிக் குழியில் தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது. ஆனால் போன மழையில் பப்பாளி செத்தது, சுவரோரம் வைத்த இட்லிப்பூ வெளுத்துக்கொண்டே போகிறது. எப்படி?

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. நிரப்பிய மனை என்பது இரண்டு மண். மேலே சவுடோ கிராவலோ, அதோடு கட்டட இடிபாடும் கலந்திருக்கும். கீழே பழைய ஏரிப் புறத்துக் களிமண். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரம் முழுக்க ஏரியும் சதுப்பும் வயலுமாக இருந்த பகுதி. மேல் மண்ணில் நீர் சட்டென்று இறங்கிக் களிமண் மேல் போய் நின்றுவிடும். உங்கள் ஓர் அடிக் குழி மேல் மண்ணை மட்டும்தான் சோதித்தது.

அதே குழியை இரண்டரை அடிக்கு ஆழப்படுத்துங்கள். தோண்டும்போது மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் கவனியுங்கள். சிவப்பும் ஜல்லியுமாக வந்துகொண்டிருந்தது திடீரென்று கறுத்து, பிசுபிசுவென்று மண்வெட்டியில் ஒட்ட ஆரம்பிக்கும். அந்தக் கோடு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதை எழுதிவையுங்கள். கீழ்ப்பகுதியில் மட்டும் நீர் ஊற்றி, முன்பு சொன்னபடி இரண்டாம் நாள் அளங்கள்.

கோடு இரண்டு அடியில் வருகிறது, கீழே மணிக்கு அரை சென்டிமீட்டர்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீர்தான் அந்தக் களிமண்ணுக்குள் போக முடியும். அதுவும் காய்ந்த காலத்துக் கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கொட்டுவது நமக்குப் புதிதல்ல. அதோடு மாடி நீரும் பக்கத்து மனை நீரும் சேர்ந்து அங்கேதான் இறங்கும். களிமண் அதற்குள் நனைந்து நிறைந்திருக்கும். ஆக, மேலே தரை காய்ந்து தெரிந்தாலும் ஓர் அடிக்குக் கீழே நீர் நிற்கும். பப்பாளியின் வேர் அழுகியது அங்கேதான்.

இட்லிப்பூவுக்கு அடுத்த சோதனை. சுவரிலிருந்து ஓர் அடிக்குள் ஒரு கைப்பிடி மண்ணும், தோட்டத்தின் நடுவிலிருந்து இன்னொரு கைப்பிடியும் எடுத்து, இரண்டையும் தனித்தனியாக வினிகரில் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் வினிகர் பட்டதும் மண் பொங்கும்; செய்முறையை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். பூச்சு வேலையின்போது சிதறிய சிமென்ட் கலவை சுவரோரத்து மண்ணில்தான் புதைந்து கிடக்கும். சுவரோரம் பொங்கி, நடுவில் அமைதியாக இருந்தால், இட்லிப்பூவின் நோய் சுவர் கொடுத்தது. இரண்டும் பொங்கினால் நிரப்பிய மண் முழுவதிலும் இடிபாடு கலந்திருக்கிறது.

இந்த மனைக்கு நான் சொல்வது இதுதான். இட்லிப்பூவைத் தரையிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். சுவரோரத்தில் காகிதப்பூவையோ அரளியையோ வையுங்கள். சுண்ணாம்பு அவற்றை ஒன்றும் செய்யாது, ஓர் அடி மேடு இருந்தால் போதும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீடாக இருந்தால் அரளி வேண்டாம், அதன் எல்லா உறுப்பும் நஞ்சு. பப்பாளி வேண்டும் என்றால் தோட்டத்தின் மிக உயரமான மூலையில் ஒன்றரை அடி மேட்டில் வையுங்கள். தாழ்ந்த மூலையைக் கல்வாழைக்கும் சேம்புக்கும் கொடுத்துவிடுங்கள். மாடி நீர்க்குழாய் தோட்டத்துக்குள் திறந்திருந்தால், அதை மழைநீர்ச் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்புவது எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம்.

வினிகர் ஊற்றினேன், நுரை வந்தது. அப்படியென்றால் என் மண் காரமா?

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு இருந்தால் மண் பெரும்பாலும் காரமாகத்தான் இருக்கும். பி.எச். என்பது மண்ணின் அமில கார அளவைச் சொல்லும் எண்; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆனால் நுரை காட்டுவது பி.எச். எண்ணை அல்ல, சுண்ணாம்பை மட்டுமே. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் மண்ணை மாற்ற முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது சுண்ணாம்புதான்.

ஆனால் சோதனையைச் சரியாகச் செய்தீர்களா? காய்ந்த மண்ணில் நேராக வினிகரை ஊற்றினால், மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும். அது சுண்ணாம்பு அல்ல. முதலில் இரண்டு தேக்கரண்டி மண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் விட்டுக் கூழாகக் கலக்குங்கள். குமிழ்கள் அடங்கியபின் ஒரு மூடி வெள்ளை வினிகரை ஊற்றுங்கள். உடனே பொங்கி நுரை நின்றால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோங்கள். மெல்லிய 'சுர்' என்ற ஓசை கேட்டால் சிறிதளவு இருக்கிறது.

பொங்குகிற இடத்தையும் பாருங்கள். மண் முழுவதும் சீராகப் பொங்குகிறதா, அங்கங்கே ஒரு துணுக்கிலிருந்து மட்டும் குமிழ் வருகிறதா? கடற்கரை மணலில் கிளிஞ்சல் துண்டு, சமையலறைக் கழிவு போட்ட பாத்தியில் முட்டை ஓடு, விறகுச் சாம்பல் எல்லாமே பொங்கும். துணுக்கு மட்டும் பொங்கினால் அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். சிமென்ட் கலவைத் துண்டும் அப்படித்தான் பொங்கும். ஆனால் அது ஒன்று அகப்பட்டால் கூட்டமே அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சமையல் சோடா போட்டும் பார்க்கச் சொல்கிறார்களே?

சென்னையில் அதனால் பெரிய பயன் இல்லை. மண் மிகவும் அமிலமாக இருந்தால்தான் சோடா பொங்கும். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருந்தால் செய்து பாருங்கள். நம் ஊரில் வினிகருக்கும் பொங்கவில்லை, சோடாவுக்கும் பொங்கவில்லை என்பதே பலருக்கும் வரும் விடை. அதை 'நடுநிலை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறரையிலும் பொங்காது, எட்டிலும் சுண்ணாம்பு இல்லாவிட்டால் பொங்காது. எண் தெரிய வேண்டுமானால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

பி.எச். எண்ணையே தெரிந்துகொள்ள வீட்டில் வழி உண்டா? சங்குப்பூவில் பார்க்கலாம் என்கிறார்கள், கம்பி மீட்டர் விற்கிறார்கள், எது நல்லது?

பி.எச். காகிதம். ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். ஒன்றிலிருந்து பதினான்கு வரை காட்டும் காகிதத்தைவிட, ஐந்திலிருந்து ஒன்பது வரை அரை அரையாகக் காட்டும் காகிதம் தோட்டத்துக்குத் தோதானது.

எந்தத் தண்ணீரில் கலக்குகிறோம் என்பதில்தான் இந்தச் சோதனை நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே காரம் இருக்கும். அதில் கலக்கினால் உங்கள் மண்ணை அல்ல, உங்கள் கிணற்றைத்தான் சோதிப்பீர்கள். பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் விற்கிற காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரை வாங்குங்கள். பேட்டரி ஆசிட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது கந்தக அமிலம்; லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மேல் மண்ணை விரற்கடை அளவு வழித்துவிட்டு, அரை அடி ஆழம் வரை உள்ள மண்ணை நான்கைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு பேட்டரித் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, தெளிய விடுங்கள். மேலே தெளிந்த நீரில் காகிதத்தின் நுனியை நனைத்து, ஈரம் காயும் முன் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். களிமண் மணிக்கணக்கில் தெளியாமல் கலங்கியே நிற்கும். காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தின் பின்பக்கம் சேறு படாமல் இருந்தால் அந்தப் பக்கத்தில் நிறம் தெளிவாகத் தெரியும்.

சங்குப்பூவும் வேலை செய்யும், ஆனால் அதற்குப் பேச்சு குறைவு. பத்துப் பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு கிடைக்கும். அமிலத்தில் ஊதாவுக்கும் காரத்தில் பச்சைக்கும் மாறும். நடுநிலையிலும் லேசான அமிலத்திலும் அது நீலமாகவே நிற்பதால், ஆறா ஏழா என்று சொல்லாது. எட்டைத் தாண்டினால் நீலத்தில் பச்சை ஓடும். அது தெரிய, வெறும் பேட்டரித் தண்ணீரில் அதே அளவு சாறு விட்ட இன்னொரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, வெள்ளைத் தாளின் மேல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். களிமண் சாயத்தையே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வடித்த நீரில்தான் சாறு விட வேண்டும், சேற்றில் அல்ல.

மஞ்சள்தூள் தடவிய தாள் சிவந்தால், மண் காரத்தில் வெகுதூரம் போய்விட்டது, சோடியம் மிகுந்த களர் நிலமாக இருக்கலாம் என்று பொருள். சிவக்காவிட்டால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மண்ணில் குத்துகிற மலிவான கம்பி மீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணின் ஈரத்தைப் பொறுத்தும் கம்பியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் அது எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்.

எட்டு வந்தது, வினிகரிலும் பொங்கியது. கந்தகத் தூள் போட்டு மண்ணை அமிலமாக்கலாமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியில், அரை அடி ஆழத்துக்குச் சுமார் 200 கிலோ மண் இருக்கும். நன்றாகப் பொங்குகிற மண்ணில் நூற்றுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும் அது 4 கிலோ. நூறு பங்கு சுண்ணாம்பை முறிக்க முப்பத்திரண்டு பங்கு கந்தகம் வேண்டும். ஆக, அந்த ஒரு சிறு பாத்திக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கந்தகம் போட்ட பிறகுதான் பி.எச். இறங்கவே ஆரம்பிக்கும். நீங்கள் தூவுகிற ஒரு கைப்பிடியைச் சுண்ணாம்பு விழுங்கிவிட்டு அப்படியே இருக்கும். அதற்குள் கிணற்று நீரும் சுவரும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கும். காபித் தூள், எலுமிச்சைத் தோல், மோர் என்று சொல்லப்படுகிற எல்லாவற்றின் கதையும் இதேதான்.

பொங்காத மண்ணில், காகிதம் ஏழரை எட்டு காட்டினால், அங்கே கந்தகமும் மக்கிய எருவும் வேலை செய்யும். சதுர மீட்டருக்கு ஐம்பது கிராமில் தொடங்கி, ஈரம் காத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு மேலே போகலாம். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள், அவற்றுக்கு நேரம் வேண்டும்.

பொங்குகிற மண்ணில், மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதே சரி. வடிகால் நன்றாக இருந்தால் முருங்கை, நெல்லி, வேம்பு, சீத்தா, மருதாணி, காகிதப்பூ, நித்தியகல்யாணி அனைத்தும் குறையில்லாமல் வளரும். நெல்லி களர் நிலத்தையே தாங்குகிற மரம். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி நடுவில் நிற்பவை. வளரும், ஆனால் அவ்வப்போது வெளுக்கும். அப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட்டைக் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலையில் தெளியுங்கள். புதுத் தளிரில் பச்சை திரும்பினால் நோய் இரும்புதான் என்பதும் உறுதியாகிவிடும். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. தெளிக்கும்போது தரையில் ஓடுகள் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது.

இட்லிப்பூவுக்குத் தொட்டிதான். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமமாகக் கலந்து வையுங்கள். செம்மண் வாங்கும்போது கையோடு ஒரு சிறு வினிகர் பாட்டிலைக் கொண்டுபோய் வண்டியிலேயே ஒரு கைப்பிடியைச் சோதியுங்கள். செம்மண் என்று இறக்குவதில் இடிபாடு கலந்திருப்பது சாதாரணமாக நடக்கிறது.

நாங்கள் திருவான்மியூர். கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்பதே இல்லை. நல்ல வடிகால்தானே?

மழைக்காலத்தில் நல்லது. மற்ற எட்டு மாதங்களும் செடி பட்டினி கிடக்கும். நீர் மட்டுமல்ல, நீரோடு போட்ட உரமும் வேரைத் தாண்டிப் போய்விடுகிறது. மணலில் ஒரு வாளி நீரை ஒரே நேரத்தில் ஊற்றுவதைவிட, அரை வாளியைக் காலையும் அரை வாளியை மாலையும் ஊற்றுவது மேல். உரத்தையும் அப்படியே சிறுகச் சிறுக அடிக்கடி கொடுங்கள். நடும் குழியில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவும் நார்க்கழிவும் கலந்து, மேலே தென்னை மட்டையோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள். வெயிலில் எரு வேகமாகக் கரைந்துவிடும். ஆண்டுதோறும் மழைக்கு முன் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இந்த மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் பிறந்தவை தென்னை, புன்னை, பூவரசு. சிறிய இடத்துக்கு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, முருங்கை. கடலுக்கு எதிரே நேராகக் காற்று படுகிற பக்கத்தில் செம்பருத்தியையும் மல்லிகையையும் வைக்காமல், வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். அங்கே இலை விளிம்பு கருகுவது மண்ணால் அல்ல, காற்றில் வருகிற உப்பால்.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. அது என்ன?

சுரண்டி எடுத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கினால் உங்கள் தண்ணீரில் வந்த சுண்ணாம்பு. பொங்காமல் தண்ணீரில் கரைந்துவிட்டால் உப்பு, அது நீரிலிருந்தோ அதிகமாகப் போட்ட உரத்திலிருந்தோ வந்திருக்கும். சுண்ணாம்பு என்றால் அந்தத் தொட்டியின் மண் மாதாமாதம் காரமாகிக்கொண்டு வருகிறது; இட்லிப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். உப்பு என்றால், மழைநீரையோ நல்ல நீரையோ தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டுக் கழுவுங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

களிமண்ணுக்கு ஜிப்சம் போட்டால் வடிகால் சரியாகிவிடும் என்று நர்சரியில் சொன்னார்கள். போடலாமா?

எல்லாக் களிமண்ணுக்கும் இல்லை. காய்ந்த களிமண் கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள பேட்டரித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். கலக்கவோ அசைக்கவோ கூடாது. இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாளும் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் நீர் கலங்கி விரிந்தால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது, அதுதான் களர். ஜிப்சம் இதற்குத்தான் மருந்து. சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மேல் மண்ணில் கலந்து, மழையிலோ நல்ல நீரிலோ கழுவ விட வேண்டும். பிரிந்த சோடியம் வெளியேற வழி வேண்டும் என்பதால், நீர்மட்டம் மேலேயே நிற்கிற மனையில் ஜிப்சம் போட்டும் பயன் இருக்காது.

கட்டி பொலபொலவென்று உதிர்ந்து அடியில் படிந்து, மேலே நீர் தெளிவாகவே இருந்தால் சோடியம் பிரச்சினை இல்லை. ஜிப்சத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் மக்கிய எரு வாங்குங்கள். களிமண்ணில் ஆற்று மணலைக் கொஞ்சமாகக் கலக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ஒழிய அது மண்ணை இளக்காது, இறுகத்தான் செய்யும்.

இவ்வளவும் செய்தபின் ஆய்வகத்துக்குப் போக வேண்டுமா?

வீட்டில் அளக்க முடியாதது மண்ணில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. குழியில் நீர் நன்றாக இறங்குகிறது, வினிகரில் பொங்கவில்லை, பி.எச். ஏழு, இருந்தும் விதைகள் முளைக்க மறுக்கின்றன அல்லது இலை விளிம்புகள் எல்லாச் செடியிலும் கருகுகின்றன என்றால் அது உவராக இருக்கலாம். அப்போது முன்சொன்னபடி கலந்து உலர்த்திய மண்ணில் அரை கிலோவைத் துணிப்பையில் போட்டு, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். நிரப்பிய மனையாக இருந்தால் மேல் மண்ணுக்கும் கீழ்க் களிமண்ணுக்கும் தனித்தனிப் பை. கிணற்று நீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து உடன் கொண்டுபோங்கள்.